மீற்றர் யார் பெயரில்?

கண்டி நகரிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் வாடகைக்குக் குடியிருக்கும் பல்லாயிரம் குடும்பங்களின் வாயில் இன்று ஒரு கேள்வி இருக்கிறது. அது வாடகையைப் பற்றியதன்று. வாடகையைத்தான் மாதந்தோறும் தவறாமல் கொடுத்துவிடுகிறார்களே! “ஐயா, எங்கள் பகுதிக்குத் தனியாக ஒரு மீற்றர் போட்டு, அதை எங்கள் பெயரிலேயே பதிந்து தர மாட்டீர்களா?” என்பதுதான் அக்கேள்வி. கேட்டவுடன் வீட்டுக்காரரின் முகம் மாறிவிடுகிறது. காணியில் பாதியை எழுதிக் கேட்டுவிட்டதுபோல அவர் துணுக்குறுகிறார். “இதெல்லாம் எதற்கு? நான் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன், நீங்கள் கொடுத்தால் போதும்” என்பார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். வாடகைக்காரரும், வீட்டை விட்டுப் போகச் சொல்லிவிடுவாரோ என்ற அச்சத்தில் வாய் மூடிக்கொள்வார்.

அந்தக் கணக்கை நாமும் ஒரு முறை பார்ப்போமே.

கண்டி மலைப்பாங்கான ஊர். அம்பிட்டியவிலும் அனிவத்தையிலும் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்திலும் வீடுகள் சரிவிலே தொங்குகின்றன. வீதி மட்டத்தில் வீட்டுக்காரர் இருப்பார். பக்கத்துப் படிக்கட்டில் இறங்கினால் கீழ்த்தட்டு. அங்கே தனி வாசல், தனிச் சமையலறை, தனிக் குளியலறை. அதில் ஓர் ஆசிரியரோ, ஒரு கடை எழுதுவினைஞரோ, பேராதனையில் பிள்ளையைப் படிக்க வைத்திருக்கும் ஒரு மரக்கறித் தோட்டக்காரரோ குடியிருப்பார். இரண்டு குடும்பங்கள், இரண்டு அடுப்புகள். மீற்றர் மட்டும் ஒன்று.

மேல்வீட்டில் மாதம் 90 அலகும் கீழ்வீட்டில் 60 அலகும் செலவாகின்றன என்று வைத்துக்கொள்வோம். 2025 ஜனவரி 17ஆம் திகதி நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். 60 அலகுக்குள் நிற்பவருக்கு முதல் 30 அலகும் அலகுக்கு 4 ரூபா. அடுத்த 30 அலகும் 6 ரூபா. நிலையான கட்டணம் 200 ரூபா. கீழ்வீட்டாருக்குத் தனி மீற்றர் இருந்தால் 120, 180, 200 என்று கூட்டி, வரி நீங்கலாக 500 ரூபாவோடு அவர் கணக்கு முடிந்துவிடும். ஆனால் 60ஐத் தாண்டியவருக்கு அந்த மலிவான படிகளே கிடையா. அவருக்கு முதல் அலகிலிருந்தே 11 ரூபா. 60க்கு மேல் 90 வரை 14 ரூபா. நிலையான கட்டணம் 400. மேல்வீட்டார் தனியாக நின்றிருந்தால் 660, 420, 400 என 1480 ரூபா கொடுத்திருப்பார். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து 1980 ரூபா.

இப்போது இரண்டையும் ஒரே மீற்றரில் கட்டுவோம். 150 அலகு ஒரே வீட்டில் எரிந்ததாகப் பட்டியல் பதிகிறது. முதல் 60க்கு 660. அடுத்த 30க்கு 420. 91 முதல் 120 வரை அலகுக்கு 20 ரூபா வீதம் 600. 121க்கு மேல் 33 ரூபா வீதம் 990. நிலையான கட்டணம் 1500. மொத்தம் 4170 ரூபா! ஒரு விளக்குக்கூட அதிகமாக எரியவில்லை. ஒரு மீற்றர் குறைந்த குற்றத்துக்காக மாதம் 2190 ரூபா அபராதம். அதே ஆண்டு ஜூனில் கட்டணம் மீண்டும் உயர்த்தப்பட்டது. ரூபாக் கணக்கு அவ்வப்போது மாறும். ஆனால் அலகு ஏற ஏற விலையும் ஏறும் இந்த ஏணி நிற்கும் வரையில், இருவரை ஒரே ஏணியில் ஏற்றினால் இருவரும் உச்சிப் படியில்தான் நிற்பார்கள்.

அந்த 4170ஐப் பங்கிடும் விதம் இன்னும் வேடிக்கையானது. பாதி பாதி என்றால் கீழ்வீட்டாருக்கு 2085. அலகுக் கணக்கில் பங்கிட்டால் 1668. “நீ வந்ததால்தானே என் பில் ஏறியது” என்று வீட்டுக்காரர் தம் பழைய 1480ஐக் கழித்து மிச்சத்தைக் கேட்டால் 2690. மூன்று வழியிலும் ஒரு நியாயம் இருப்பதுபோலத்தான் தோன்றும். மூன்றும் 500 ரூபாவுக்குப் பதிலாகக் கேட்கப்படுபவை. இங்கே வீட்டுக்காரரும் தப்புவதில்லை. அலகுக் கணக்கில் நேர்மையாகப் பங்கிடுகின்ற நல்ல மனிதர், தம் 1480க்குப் பதிலாக 2502 ரூபாவைத் தாமே சுமக்கிறார். தமக்கே நட்டம் தரும் ஒரு முறையைக் கட்டிக் காப்பதற்கு இத்தனை பிடிவாதமா என்று கேட்கத் தோன்றுகிறது.

“அதுதான் சப் மீற்றர் போட்டிருக்கிறோமே” என்று சிலர் பதில் சொல்வதுண்டு. கடையில் வாங்கிச் சுவரில் ஆணியடித்த அந்தச் சின்னப் பெட்டி அலகை எண்ணும், உண்மை. ஆனால் அது எண்ணுகின்ற அலகுக்கு விலை வைப்பது வெளியிலுள்ள பெரிய மீற்றர். படியேற்றம் அங்கே நிகழ்கிறது; சப் மீற்றர் அதைத் தடுப்பதில்லை. அதற்கு மேலே இன்னொரு வியாதியும் உண்டு. நீர் இறைக்கும் மோட்டாரும் படிக்கட்டு விளக்கும் கீழ்வீட்டுக் கம்பியிலிருந்து இழுக்கப்பட்டிருப்பது அபூர்வமன்று. அதைக் கண்டுபிடிக்க எவருடைய தயவும் வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலுள்ள எல்லாச் செருகிகளையும் பிடுங்கி, விளக்குகளை அணைத்துவிட்டு, மீற்றருக்கு முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். பழைய மீற்றராயின் தட்டுச் சுழலக் கூடாது. புதியதாயின் அதன் சிறு விளக்கு விட்டு விட்டு மின்னக் கூடாது. மின்னினால், வேறொருவருடைய செலவை நீங்கள் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

பணத்தோடு போயிற்றா என்றால், இல்லை. 2023இல் தொடங்கிய அஸ்வெசும உதவித் திட்டத்தில் ஒரு குடும்பத்தின் வறுமையை அளக்கின்ற அளவுகோல்களுள் மின்சாரப் பாவனையும் ஒன்று. 60 அலகோடு வாழும் குடும்பம், 150 அலகு காட்டும் மீற்றருக்குப் பின்னால் நின்று தான் ஏழை என்று எப்படி நிறுவும்? முதலாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கப் போனால், வசிப்பிடத்தை உறுதிப்படுத்தும் துணைப் பத்திரங்களுள் மின்சாரப் பட்டியலும் கேட்கப்படுகிறது. கண்டி நகரப் பாடசாலை ஒன்றில் ஓர் இடத்துக்காகப் பெற்றோர் படும் பாடு யாருக்குத் தெரியாது? ஆறு ஆண்டு ஒரே வீட்டில் இருந்தவரிடம் அந்த முகவரியில் தம் பெயர் பொறித்த ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. தோட்டத்து லயத்திலிருந்து நகரத்துக்கு வந்து குடியேறிய நம் மக்களுக்கு இந்த வேதனை புதிதன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் பாட்டன்மாரிடம் பத்திரம் கேட்டது. இருந்த இடத்தில் பெயரில்லாதவர்கள் எதைக் காட்டுவது என்று தவித்தார்கள். பேரர்களும் பத்திரமில்லாமல் நிற்க வேண்டுமா?

வேறொரு கெடுதியும் உண்டு. வாடகைக்காரர் தம் பங்கை மாதந்தோறும் கையில் கொடுத்துவிடுகிறார். வீட்டுக்காரர் அதைக் கட்டாமல் விட்டால் சிவப்புப் பில் வருவதும், பிறகு ஒரு நாள் கம்பத்தில் ஏறிக் கம்பியைக் கழற்றுவதும் முறைப்படி நடக்கும். கந்தோருக்கு ஓடினால், “கணக்கு உம்முடைய பெயரில் இல்லையே” என்பார்கள். அவர்கள் சொல்வது சரி. கணக்கில் உள்ள பெயருக்கே அவர்கள் கடமைப்பட்டவர்கள்.

இனி வீட்டுக்காரரின் அச்சத்தை எடுத்துக்கொள்வோம். அதை எள்ளி நகையாடுவது நமது நோக்கமன்று. ஆயுட்காலச் சேமிப்பைக் கொட்டிக் கட்டிய வீட்டைப் பற்றி எவருக்கும் அச்சம் இருக்கும். “மீற்றர் அவன் பெயருக்குப் போனால் நாளைக்கு வீடும் அவன் பெயருக்குப் போய்விடும்” என்பதே அந்த அச்சம். சட்டம் படித்தவர்கள் என்ற முறையில் நாம் திட்டமாகச் சொல்கிறோம்: போகாது. நீண்ட கால ஆட்சியால் உரித்துப் பெறுவதைக் கூறும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பத்து ஆண்டுகள் இடையூறின்றி, உரிமையாளருக்கு எதிராக வைத்திருந்த ஆட்சியைக் கேட்கிறது. வாடகை கொடுத்து இருப்பவரின் ஆட்சி உரிமையாளருக்கு எதிரானதன்று. ஒவ்வொரு வாடகைப் பற்றுச்சீட்டும் “இந்த வீடு உம்முடையது” என்று அவர் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம். அதற்கும் மேலாக, 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 116ஆம் பிரிவு, குடியிருப்பு நீடிக்கும் காலத்தில், அது தொடங்கியபோது வீட்டுக்காரருக்கு உரித்து இருந்ததை மறுத்துப் பேச வாடகைக்காரரின் வாயையே அடைத்துவிடுகிறது. மின்சாரப் பட்டியல் ஒருவர் அங்கே இருந்தார் என்பதைக் காட்டும். அந்த வீடு அவருடையது என்பதை ஒருபோதும் காட்டாது. உண்மையில் வீட்டுக்காரரைக் காக்கும் கவசம் எழுத்து மூலமான குத்தகையும் பற்றுச்சீட்டும்தான். குத்தகை முடிந்தபின் வெளியேற மறுப்பவரிடமிருந்து வீட்டை விரைந்து மீட்பதற்கென்றே 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் ஒரு சுருக்கமான வழக்கு நடைமுறையைக் கொடுத்திருக்கிறது. ஆனால் விந்தை என்னவென்றால், மீற்றரைக் கொடுக்க அஞ்சுகின்ற அதே வீட்டுக்காரர் பற்றுச்சீட்டுக் கொடுக்கவும் அஞ்சுகிறார்! தம்மைக் காக்கும் கவசத்தைத் தாமே கழற்றி எறிந்துவிட்டு வாடகைக்காரரைக் கண்டு நடுங்குகிறார்.

சொல்லப்படாத காரணங்களும் சில உண்டு. கீழ்த்தட்டு மாநகர சபையின் அனுமதியின்றிக் கட்டப்பட்டிருக்கலாம். தனி மீற்றர் என்றால் பரிசோதகர் வருவார், பத்திரம் கேட்பார், பிறகு தனி ஆதன வரி வரும் என்ற கணக்கு இருக்கலாம். வாடகை வருமானம் வெளியில் தெரிந்துவிடுமே என்ற கவலை இருக்கலாம். இவை வீட்டுக்காரரின் சங்கடங்கள். அவர் அரசாங்கத்தோடு தீர்க்க வேண்டியவை. அவற்றின் விலையை மாதம் ஆயிரம், ஈராயிரமாகக் கீழ்வீட்டார் கட்ட வேண்டும் என்பது எந்த ஊர் நீதி? வீட்டுக்காரர் சிங்களவரா, முஸ்லிமா, தமிழரா என்பது இங்கே கேள்வியேயன்று. இதிலே எல்லா இனத்தவரும் ஒரே பாடத்தைத்தான் படித்திருக்கிறார்கள்!

ஓர் அச்சத்தில் மட்டும் நியாயம் உண்டு. வாடகைக்காரர் பாக்கி வைத்துவிட்டு இரவோடிரவாகப் போய்விட்டால் அந்த வீட்டுக்கு மீண்டும் இணைப்புப் பெறும் அலைச்சல் வீட்டுக்காரர் தலையில் விழும். இதற்கு மறுப்பு மருந்தன்று. வெளியேறும் நாளில் இருவரும் மீற்றரை வாசித்து, அந்தத் திகதி வரையிலான கணக்கைத் தீர்த்த பின்பே முற்பணம் திருப்பிக் கொடுக்கப்படும் என்று குத்தகையில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

முழு வீட்டையும் ஒருவரே வாடகைக்கு எடுத்திருந்தால் புதிய மீற்றர் தேவையில்லை. இருக்கும் கணக்கின் பெயரை மாற்றினால் போதும். முந்திய பாக்கி தீர்ந்திருக்க வேண்டும். ஒரே கட்டடத்தில் இரண்டு குடும்பம் என்றால்தான் இரண்டாவது இணைப்புக்கான விண்ணப்பம். அங்கே கந்தோர் முதலில் பார்ப்பது அது உண்மையிலேயே வேறொரு வீடா என்பதை. தனி வாசலும் தனிச் சமையலறையும் உள்ள கீழ்த்தட்டு இதில் எளிதில் நிற்கும். ஒரே கூடத்தின் உள்ளே பூட்டுப் போட்ட ஓர் அறை நிற்காது; அப்படி இருப்பவருக்கு நாம் பொய் நம்பிக்கை ஊட்ட விரும்பவில்லை. செலவு குறைந்த வீடுகளுக்கும் இது அவசரமன்று. மேலே 30, கீழே 25 என்று 55 அலகுக்குள் அடங்கும் கட்டடத்தில், முன் சொன்ன அதே பட்டியலின்படி, சேர்ந்த பில் 470 ரூபா. தனித்தனியே 195, 175 என்று 370 ரூபா. மாதம் நூறு ரூபாவை மிச்சப்படுத்தக் கம்பி வேலைக்குப் பல்லாயிரம் செலவழிப்பவர் அந்தப் பணத்தைத் திரும்பக் காண நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். பெயருக்காக வேண்டுமானால் அது வேறு கதை.

விண்ணப்பத்துக்கு முன் செய்ய வேண்டிய பெரிய வேலை கம்பிகளைப் பிரிப்பது. கீழ்வீட்டுக்கென்று தனிப் பிரதான ஆளி, தனி ட்ரிப் சுவிச், தனி விநியோகப் பெட்டி, தனிப் புவிக்கம்பி ஆகியன வேண்டும். பழைய கட்டடங்களில் நடக்கும் பிழை எப்போதும் ஒரே இடத்தில்தான். உயிர்க் கம்பியைப் பிரித்துவிடுவார்கள். நடுநிலைக் கம்பியை மேல்வீட்டுப் பெட்டியிலேயே விட்டுவிடுவார்கள். அப்போது கீழே ஒரு விளக்கைப் போட்டாலே, போன மின்சாரம் வந்த வழியே திரும்பாததால், ட்ரிப் சுவிச் விழுந்துவிடும். ‘சுவிச் பழுது’ என்று சொல்லி அதைக் கழற்றிவிட்டு நேர் இணைப்புக் கொடுக்கும் மின்வேலைக்காரர்களும் இருக்கிறார்கள். அவரை உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஆட்கொல்லி வேலை அது. நடுநிலைக் கம்பியைத் தேடிப் பிரிப்பதே பரிகாரம். தகுதி பெற்றவர் சோதித்துத் தரும் அறிக்கை, அடையாள அட்டைப் பிரதி, குத்தகைப் பத்திரம், வீடு இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடம் ஆகியவற்றோடு விண்ணப்பித்தால், அதிகாரி வந்து பார்த்து, செலவு மதிப்பீடு தருவார். பணம் கட்டியபின் மீற்றர் வரும். அந்த மீற்றர் வீட்டுக்காரருடையதுமன்று, வாடகைக்காரருடையதுமன்று, மின்சாரம் வழங்குபவருடையது.

எல்லாம் சரி; இவற்றுக்கு நடுவே ஒரு காகிதம் நின்று வழி மறிக்கிறது. அதுதான் உரிமையாளரின் சம்மதக் கடிதம். 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மின்சாரச் சட்டம், விநியோகத்தைக் கோரும் உரித்தை உரிமையாளருக்கு மட்டும் கொடுக்கவில்லை. ‘உரிமையாளர் அல்லது குடியிருப்பவர்’ என்றே சொன்னது. ‘அல்லது’ என்ற அந்த ஒரு சொல்லில் நாட்டின் வாடகைக்காரர் அனைவரும் அடங்கினார்கள். சட்டமன்றம் திறந்த கதவைக் கந்தோர் மேசை மூடியது. குடியிருப்பவர் கேட்கலாம், ஆனால் உரிமையாளர் ஒப்ப வேண்டும் என்றால், கேட்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? 2024இல் 36ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. மின்சார சபையைப் பிரித்துத் தனி நிறுவனங்களாக்கும் ஏற்பாடு அதனோடு வந்தது. கந்தோரின் பெயர்ப் பலகை மாறுவதோடு பழைய மேசைப் பழக்கமும் மாறட்டும் என்கிறோம். குடியிருப்பவர் பற்றுச்சீட்டையோ குத்தகையையோ காட்டி விண்ணப்பித்தால் கந்தோரே உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் அறிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் அவர் எழுத்தில் தக்க காரணம் காட்டாவிட்டால் இணைப்புக் கொடுக்க வேண்டும். கீழ்த்தட்டுக் குடியிருப்பாளருக்கும், பிறர் வீட்டு மீற்றரிலிருந்து கம்பி இழுத்துக் குத்தகைத் தோட்டத்துக்கு நீர் இறைக்கும் மரக்கறிச் செய்கையாளருக்கும் இதே விதி பொருந்த வேண்டும். இதைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு ஒரு நெறியாக வகுத்து வெளியிட வேண்டும் என்பது நமது கோரிக்கை.

அது வரும்வரை வாடகைக்காரர் வாயால் கேட்பதை விட்டு எழுத்தால் கேட்கட்டும். வாய்ப்பேச்சு படிக்கட்டோடு போய்விடும், கடிதம் நிற்கும். பணிவாக எழுதுங்கள், பணிவு உரிமையைக் குறைப்பதில்லை. “ஐயா, தங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் இன்ன திகதி முதல் வாடகைக்கு இருக்கிறேன். அப்பகுதிக்கு என் பெயரில் தனி மின் இணைப்புப் பெற விரும்புகிறேன். கம்பி வேலைச் செலவையும் இணைப்புக் கட்டணத்தையும் வைப்புப் பணத்தையும் நானே ஏற்கிறேன். இவ்விணைப்பால் வீட்டின் மீது எனக்கு எவ்வித உரித்தும் உண்டாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெளியேறும்போது கணக்கைத் தீர்த்து, கணக்கைத் தங்கள் பெயருக்கு மாற்றிக் கொடுப்பேன். பதினான்கு நாட்களுக்குள் தங்கள் சம்மதத்தை எழுத்தில் தருமாறு வேண்டுகிறேன்.” இரு பிரதி எழுதி, ஒன்றில் வீட்டுக்காரரின் கையொப்பத்தைப் பெறுங்கள், மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். கடந்த ஆறு மாதப் பில்களின் பிரதியையும் கேளுங்கள்; மொத்த அலகும் உங்கள் பங்கும் வெளிச்சத்துக்கு வரும். பதினைந்தாம் நாள், அந்தத் தபால் துண்டோடு பிரதேச மின் பொறியியலாளர் கந்தோருக்கு உங்கள் விண்ணப்பத்தைக் கொடுங்கள். சம்மதக் கடிதம் இல்லை என்று திருப்பினால், மறுப்பை எழுத்தில் தரும்படி கேட்டு வாங்கி, அதை இணைத்து ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதிலும் கேட்கலாம்.